நீங்கள் பணியிடத்தில் இல்லை

தலைப்பில் இருக்கும் வாக்கியத்தை எழுதியவள் நான். மலைக் கிராமங்களில் தாய் சேய் நலப் பணி செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் தன் களப்பணியாளர்களுக்காக வருகைப் பதிவுச் செயலி ஒன்றை வாங்கியது. அதன் ஆங்கிலத் திரைகளைத் தமிழாக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. ஒரு எக்செல் தாள். இடப்பக்கம் ஆங்கில வாக்கியங்கள், வலப்பக்கம் காலிக் கட்டங்கள். யார், எங்கே நின்றுகொண்டு அவற்றைப் படிக்கப் போகிறார் என்று தாளில் இல்லை. நானும் கேட்கவில்லை. பிழையில்லாத தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு வேலையாகக் கொல்லிமலைக்குப் போயிருந்தபோது, அந்த வாக்கியத்தைப் படித்த ஒருவரைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்றார். அக்கா என்றே எழுதுகிறேன். காலை பஸ்ஸில் இறங்கி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்து, அங்கன்வாடிக்குப் போய்க் குழந்தைகளை எடை பார்ப்பது அவர் வேலை. "அங்கன்வாடி வாசல்லயேதான் நிக்கறேன் கண்ணு. எடை மிஷினு கையில இருக்குது. நான் இங்க இல்லைன்னு போனு சொல்லுது" என்றார். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு நாளும் அரை நாள் சம்பளம் பிடித்தம். அந்த மாதத்தில் நான்கு முறை சொல்லியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு நிறுவனத்திடம் கேட்டு, இரண்டு மாதப் பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். செயலியையும் ஒரு பிரதியாகப் படிக்கலாம். யார் பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று நாம் கதைகளிடம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். இந்தக் கட்டுரை அப்படியொரு வாசிப்பு.

*

இந்தச் செயலிகளின் நடுவே இருப்பது ஜியோஃபென்ஸ், அதாவது வரைபடத்தில் போட்ட வேலி. முள்ளும் கிடையாது, கல்லும் கிடையாது. ஒரு மையப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, அதைச் சுற்றிய வட்டத்தின் ஆரம் என்ற மூன்று எண்கள்தாம் வேலி. 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தும்போது போன் தன் இடத்தைக் கண்டுபிடித்து, மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. தூரம் ஆரத்தைவிடக் குறைவென்றால் வருகை. கூடுதலென்றால் நான் எழுதிய வாக்கியம்.

இதில் நான்காவதாக ஓர் எண் உண்டு. போன் தன் இடத்தைச் சொல்லும்போதெல்லாம், அந்தப் பதிலில் தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதையும் மீட்டரில் சொல்கிறது. இதற்குத் துல்லியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐயம் என்று வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆண்ட்ராய்டு போன் '90 மீட்டர் துல்லியம்' என்றால், தான் காட்டும் புள்ளியைச் சுற்றி 90 மீட்டர் வட்டத்துக்குள் நீங்கள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்று பொருள். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை நீங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பீர்கள். இதை ஒளித்து வைக்கவில்லை. போன் மென்பொருளின் ஆவணத்திலேயே இருக்கிறது. நிறுவனம் வாங்கிய செயலியும் இந்த எண்ணை சர்வருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மேற்பார்வையாளருக்குப் போகும் அறிக்கையில் மட்டும் அந்தப் பத்தி இல்லை. கேட்ட பிறகுதான் கிடைத்தது.

கிடைத்ததும், பிரச்சினை ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது.

பள்ளத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில் மறுக்கப்பட்ட நாட்களின் தூரங்கள் 160, 115, 240 என்று சிதறிக் கிடந்தன. ஒரு நாள் வடக்கே, ஒரு நாள் தெற்கே. துல்லியம் 70 மீட்டரிலிருந்து 130 மீட்டர் வரை. பலா மரங்கள் மூடிய, ஒரு பக்கம் மலைச்சரிவு நிற்கும் இடம் அது. வேலியின் ஆரம் 100 மீட்டர். 160 மீட்டர் தூரம், 90 மீட்டர் சந்தேகம் என்றால் என்ன முடிவுக்கு வரலாம்? அவர் 70 மீட்டரிலும் இருக்கலாம், 250 மீட்டரிலும் இருக்கலாம். நேர்மையான ஒரே பதில் 'தெரியவில்லை' என்பதுதான். வெளியே இருக்கிறார் என்று சொல்ல வேண்டுமானால், தூரத்திலிருந்து சந்தேகத்தின் இரு மடங்கையாவது கழித்த பிறகும் 100 மீட்டருக்கு மேல் மிஞ்ச வேண்டும். 160இலிருந்து 180ஐக் கழித்தால் மிஞ்ச ஒன்றும் இல்லை.

அக்காவின் கிராமத்துக் கதை வேறு. அவருக்கு மறுக்கப்பட்ட நான்கு நாட்களிலும் தூரம் 400 மீட்டருக்குப் பத்து முன்னே பின்னே. நான்கு நாளும் தெற்கே. துல்லியமோ 10, 15 மீட்டர். மிக நல்ல எண். போன் தன் இடத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தினமும் ஒரே தூரம், ஒரே திசை என்றால் மனிதரையும் போனையும் விட்டுவிட்டு வேலியைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். புதிய ஊர்களைச் சேர்த்தபோது அலுவலகத்தில் யாரோ அட்சரேகையை எக்செல்லில் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். 11.2764 என்பது 11.28 ஆகிவிட்டது. பார்வைக்கு அற்ப வித்தியாசம். ஆனால் அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர், 0.0036 டிகிரி என்பது 400 மீட்டர். வேலி வடக்கே யாரோ ஒருவருடைய தோட்டத்தில் நின்றுகொண்டு, அங்கன்வாடி வாசலில் நின்றவரை ஆளில்லை என்று சொல்லியிருக்கிறது.

அந்த ஊர் அவருக்கு மாதத்தில் நான்கு முறைதான் முறை. அதனால்தான் நான்கு பிடித்தம். போகும் ஒவ்வொரு முறையும் அது பிடித்திருக்கிறது. இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரியும் பிழை இது. யாரும் பார்க்கவில்லை. "சார்கிட்ட சொன்னேன். மிஷினு பொய் சொல்லுமாங்கறாரு" என்றார் அக்கா.

*

'சிக்னல் இல்லை' என்று மலையில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு சிக்னல்கள் இருக்கின்றன.

ஒன்று வானத்திலிருந்து வருவது. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலையைப் போன் கேட்டால் போதும். டவர் இல்லாதபோது தாமதமாகும், அவ்வளவுதான். இன்டர்நெட் இருந்தால் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பைப் போன் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு சில நொடிகளில் இடத்தைச் சொல்லிவிடும். இல்லாவிட்டால் அந்தக் குறிப்பைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்க வேண்டும். அது 30 நொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகிறது. நடுவில் இலையும் ஓடும் குறுக்கிட்டால் விட்டதைக் கேட்க அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். நம் செயலி காத்திருந்தது 10 நொடி. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால், போன் கடைசியாக நினைவில் வைத்திருந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அது பல நேரம் பஸ் நிறுத்தம். திறந்த வெளியில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லி, கிடைத்த இடம் எத்தனை நிமிடம் பழையது என்று பார்த்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

இன்னொன்று டவரிலிருந்து வருவது. பதிவை அலுவலகத்துக்கு அனுப்ப இது வேண்டும். காலை 9.10க்கு அழுத்திய பொத்தான், அக்கா செம்மேட்டுக்குத் திரும்பி டவர் கிடைத்த 12.40க்குத்தான் சர்வரைச் சேர்ந்தது. சர்வர் தன் கடிகாரத்தைப் பார்த்து, மூன்றரை மணி நேரத் தாமதம் என்று எழுதியது. போக வேண்டியது ஒரு நேரமல்ல, இரண்டு நேரம்: அழுத்திய நேரம், சேர்ந்த நேரம். பதிவு போனிலேயே பத்திரமாக இருந்து, வழி கிடைத்தபோது போக வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் இருந்தால், இரண்டு முறை போனாலும் ஒன்றாகவே கணக்காகும். போன் கடிகாரத்தை மாற்றி ஏமாற்றலாமே என்பார்கள். ஜிபிஎஸ் இடத்தோடு செயற்கைக்கோளின் நேரமும் வருகிறது. அதைக் கைவிரலால் திருத்த முடியாது.

இவை எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. செய்யத் தெரியாமல் விடப்பட்டவையும் இல்லை. செய்யாவிட்டால் நட்டம் யாருக்கு என்பதுதான் விஷயம். டவர் கட்டாதது நிறுவனங்களின் கணக்கு, எண்ணைச் சுருக்கியது அலுவலகத்தின் கவனக்குறைவு, 10 நொடி போதும் என்றது மென்பொருள் எழுதியவரின் அவசரம். மூன்றும் சேர்ந்து கடைசியில் ஒரு பெண்ணின் அரை நாள் சம்பளமாக மாறுகிறது. இயந்திரத்துக்கு வந்த சந்தேகம் பெண் சொன்ன பொய்யாக எழுதப்படுகிறது. பெண்கள் சொல்வதை மறுசாட்சி இல்லாமல் ஏற்காத பழக்கம் இந்தச் சமூகத்துக்குப் பழையது. செயலி அதற்கு தசம இடங்கள் வைத்துக் கொடுத்திருக்கிறது.

கொல்லிமலையில் மட்டும் நடப்பதும் இல்லை. ஊரக வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல், இடக்குறிப்போடு கூடிய படத்தை நாளுக்கு இரண்டு முறை செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. நெட்வொர்க் இல்லாமல் படம் ஏறாததால் வெட்டிய மண்ணுக்குக் கூலி போனது என்று சொல்லித் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2021இல் ஹரியானாவின் ஆஷா பணியாளர்கள், தங்களுக்குக் கொடுத்த போன்களில் ஒரு கண்காணிப்புச் செயலியை ஏற்ற மறுத்துப் போராடினார்கள். ஆஷாக்களை அரசு ஊழியர் என்று ஒப்புக்கொள்வதில்லை. தன்னார்வலர் என்கிறது, சம்பளத்துக்குப் பதில் ஊக்கத்தொகை தருகிறது. கண்காணிக்க மட்டும் அவர்கள் ஊழியர்களாகிவிடுகிறார்கள்.

*

நான் மொழிபெயர்த்ததில் இன்னொரு வாக்கியமும் உண்டு. துல்லியமான வருகைப் பதிவுக்காக, இருப்பிடத்தை எல்லா நேரமும் அறிய அனுமதிக்கவும் என்பது அது. இதில் பொய் ஒன்று இருக்கிறது. 'இப்போது இங்கே இருக்கிறாரா?' என்று கேட்பதுதான் வருகைப் பதிவு. பொத்தானை அழுத்தும் அந்த ஒரு நிமிடம் இடம் தெரிந்தால் போதும். செயலி திறந்திருக்கும்போது மட்டும் இடத்தை அறியும் அனுமதியையும், எப்போதும் அறியும் அனுமதியையும் ஆண்ட்ராய்டு 2019இலேயே பிரித்துவிட்டது. முதலாவதே வருகைப் பதிவுக்குப் போதும். இரண்டாவதைக் கேட்பவருக்கு வருகை தேவையில்லை, வழி தேவை.

வழி கிடைத்ததும் அறிக்கையில் ஒரு புதிய பத்தி முளைத்தது: செயலற்ற நேரம். ஒரே இடத்தில் 15 நிமிடத்துக்கு மேல் நின்றால் சிவப்பு. அக்காவோடு வேலை பார்க்கும் ஒரு தங்கைக்கு மேற்பார்வையாளரிடமிருந்து போன் வந்தது: சவுக்கு மரத் தோப்புக்குள் இருபது நிமிடம் என்ன வேலை? அந்த அங்கன்வாடியில் கழிப்பறை இல்லை. மாதவிடாயின் இரண்டாம் நாள். துணி மாற்றத் தோப்புக்குள் போயிருக்கிறார். "செருப்பு அறுந்துடுச்சுன்னு சொன்னேங்கா" என்றார் என்னிடம். உண்மையைச் சொன்ன போனுக்கு ஈடாக அந்தப் பெண் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது.

வழித்தடம் அவரை மட்டும் காட்டிக்கொடுப்பதும் இல்லை. வீட்டுச் சந்திப்புக்காக ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டைச் சுற்றியும் ஒரு வேலி போடப்பட்டது. அந்தப் பட்டியல் இப்போது மேற்பார்வையாளர்களின் போனில் இருக்கிறது: எந்த வீட்டில் எத்தனை மாதம், யார் மூன்று முறை பார்க்கப்பட்டவர் என்று. அடி வாங்கும் பெண்ணிடம் அவள் வீட்டில் வைத்துப் பேச முடியாது என்பது களத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்க் குழாயடியில், சந்தை நாளில், அத்தை வீட்டுத் திண்ணையில்தான் பேச முடியும். அந்தப் பேச்சு வேலிக்கு வெளியே நடக்கிறது. ஆகவே வேலையாகக் கணக்கில் வராது. கணக்கில் வர வேண்டுமானால் அவள் வீட்டுக்குள்ளேயே போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும், கணவனின் கண் முன்னால். வேலியே பயிரை மேய்வது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தை நம்பலாமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் சொன்னது; அதைச் சுருக்குவதற்குத் தேவையும் அளவும் இருக்க வேண்டும் என்றது. ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பணி சார்ந்த நோக்கங்களுக்கு ஒப்புதல் கேட்காமலே தரவைக் கையாளலாம் என்று 7ஆம் பிரிவில் வாசல் திறந்து வைத்திருக்கிறது. அனுமதி கேட்கும் திரை வெறும் சடங்கு. வேண்டாம் என்றால் வேலை இல்லை.

பெண்களின் பாதுகாப்புக்காகத்தான் என்று நிறுவனம் சொன்னது. மலைப்பாதையில் தனியே நடப்பவருக்கு ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. அதற்கு வேண்டியது அவரே தொடங்கி அவரே நிறுத்தும், அவர் தேர்ந்தெடுத்த ஒருவருக்குப் போகும் தனிப் பொத்தான். ஆபத்து வந்தால் அழைக்க ஒன்று இருப்பதும், ஆபத்தில்லாத எல்லா நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்றாகா. பார்ப்பவரே ஆபத்தாக இருக்கும் வாய்ப்பை இந்த வாதம் எப்போதும் மறந்துவிடுகிறது.

*

வேறு மாதிரி செய்ய முடியும். வேலிகளின் பட்டியல் போனில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் தூரத்தைப் போனே கணக்கிடட்டும். அலுவலகத்துக்குப் போக வேண்டியவை மூன்றுதான்: உள்ளே, வெளியே, தெரியவில்லை என்ற மூன்றில் ஒரு பதில்; அழுத்திய நேரம்; சந்தேகத்தின் அளவு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் அந்தப் பெண்ணின் போனைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. சம்பளத் தகராறு வந்தால், தன் பக்கச் சாட்சியாக அவரே எடுத்துக் காட்டுவார். இடையில் நடந்த வழி எங்கும் பதிவாகாது. 'தெரியவில்லை' என்று வந்த நாளில் அவர் ஒரு வரி எழுதுவார், அது ஏற்கப்படும். ஒரே ஊரில் 'தெரியவில்லை'யும் 'வெளியே'யும் திரும்பத் திரும்ப வந்தால் அலுவலகம் முதலில் வேலியைப் போய்ப் பார்க்கும். மையப் புள்ளியை மேசையிலிருந்து குறிக்காமல், அங்கே வேலை செய்பவரே அந்த இடத்தில் நின்று குறிப்பார்.

இதில் ஏமாற்ற வழி உண்டா? உண்டு. போனில் பொய்யான இடத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. சிலவற்றைக் கண்டுபிடிக்கலாம், எல்லாவற்றையும் முடியாது. முழு வழித்தடத்தையும் சேகரித்தாலும் இதே நிலைதான். போனை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்தனுப்பிவிடலாம். அக்கா வந்தாரா என்பதற்குச் சான்று அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறது. இருபது குழந்தைகளின் எடை, அன்றைய தேதி, போன மாதத்தைவிடக் குறைந்த இரண்டு குழந்தைகளின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. அவர் நின்ற இடத்தைவிட அவர் செய்த வேலை அதில் தெளிவாகத் தெரிகிறது. அதைப் படிக்க மேற்பார்வையாளர் மலையேற வேண்டும், எழுபது கொண்டை ஊசி வளைவுகள். செயலி வாங்கியதே அந்தப் பயணத்தை மிச்சப்படுத்தத்தான்.

என் கண்டுபிடிப்புகளை எழுதிக் கொடுத்தேன். அட்சரேகை திருத்தப்பட்டது. அக்காவுக்கு நான்கு அரை நாள் சம்பளம் திரும்ப வந்தது. மற்ற ஊர்களின் பழைய பிடித்தங்களை இன்னும் யாரும் தொடவில்லை. வழித்தடம் நிற்கவில்லை, செயலற்ற நேரத்தின் வரம்பு 15இலிருந்து 30 நிமிடமாகியிருக்கிறது. என் வாக்கியத்தை மாற்ற மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்கள், செலவில்லாத வேலை அல்லவா. மூன்று வாக்கியங்கள் எழுதி அனுப்பினேன்:

உங்கள் இடத்தை இந்தப் போனால் இப்போது உறுதிசெய்ய முடியவில்லை. உங்கள் பதிவு சேமிக்கப்பட்டது. இதற்காகச் சம்பளம் பிடிக்கப்படாது.

முதல் இரண்டும் திரையில் வந்துவிட்டன. மூன்றாவதற்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டுமாம். அது இன்னும் எக்செல் தாளின் வலப்பக்கக் கட்டத்திலேயே இருக்கிறது.